நில அலுவலகத்துக்கு அரை நாள் லீவு: புக்கிங் ஸ்லிப்பை எப்படிக் காட்டணும்?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீடு, நிலம் பேர் மாற்றுற வேலை உங்க குடும்பத்துல இருந்தா கண்டிப்பா உதவும்.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். என் லைன்ல இருக்கிறவங்க லீவு பாரம் எல்லாம் முதல்ல என் கைக்குத்தான் வரும். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேனேஜர், அப்புறம் எச்.ஆர். இத்தனை வருசத்துல எத்தனையோ காரணம் பார்த்துட்டேன். அதுல நில அலுவலக அப்பாயின்மெண்ட் ஒரு தனி ரகம். கையில புக்கிங் ஸ்லிப் இருக்கு, தேதி இருக்கு, நேரம் இருக்கு. அப்படி இருந்தும் நிறைய பேருக்கு லீவு கிடைக்காம போகுது, இல்லன்னா கடைசி நேரத்துல சண்டையில முடியுது. ஸ்லிப்பு இருந்தா போதும்னு நினைச்சிடுறாங்க. அந்த ஸ்லிப்பு என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு யாரும் பார்க்கிறது இல்ல.

போன ஞாயிறு கோயில்ல தொண்டு முடிஞ்சு பசியாறும்போது ஒரு அக்கா இதையேதான் கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதை எல்லாருக்கும் எழுதுறேன். என் லைன்ல நடந்த ஒரு சம்பவத்தை வெச்சே சொல்றேன்.

பேக்கிங் லைன்ல ஒரு தம்பி. ஏழு வருசமா வேலை செய்றாரு. அவங்க அம்மா பேர்ல ஒரு மலிவு விலை வீடு. அம்மாவுக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு, ஒரு தடவை பக்கவாதம் வந்து வலது கை சரியா வரல. ஆனா நினைவு தெளிவா இருக்கு. "நான் இருக்கும்போதே மாத்திடுப்பா"ன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. தம்பியோட அக்காவுக்கும் சம்மதம்.

இதுல அவசரம் என்னன்னு சிலர் கேட்பாங்க. அம்மா உயிரோட இருக்கும்போது மகன் பேருக்கு மாற்றினா அது அன்பளிப்பு, அதாவது காசே சாயாங் முறையில பிண்டா மிலிக். அம்மா கொடுக்கிறாங்க, மகன் வாங்கிக்கிறாரு, ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட விசயம். அம்மா போன பிறகுன்னா அது பூசாக்கா கேஸ். மனு போடணும், விசாரணை நாள் வரும், வாரிசு எல்லாரும் வரணும். ஒருத்தர் வெளியூர்ல இருந்தாலும் இழுத்துக்கிட்டே போகும். அதனால அந்தத் தம்பிக்கு இது வெறும் அரை நாள் லீவு விசயம் இல்ல. அம்மா கை எழுதுற வரைக்கும்தான் நேரம்.

அந்த வீட்டு கிரான்ல ஒரு கட்டுப்பாடு இருந்துச்சு. மாநில அரசாங்கத்தோட அனுமதி இல்லாம பேர் மாற்ற முடியாது. மலிவு விலை வீடுகள் பலவற்றுல இந்த வரி இருக்கும், உங்க கிரானை எடுத்துப் பாருங்க. தம்பி மனு போட்டு பல மாசம் காத்திருந்து அனுமதிக் கடிதம் வாங்கிட்டாரு. ஆனா அந்தக் கடிதத்துக்கு ஒரு கெடு தேதி போட்டிருந்தாங்க. அந்த மாசம் 30ஆம் தேதி. அதுக்குள்ள பதிவுக்குக் கொடுக்கலன்னா அனுமதிக்கு மறுபடியும் அலையணும்.

போராங் 14ஏ தெரியும்தானே? பேர் மாற்றுற பாரம். அதுல கொடுக்கிறவரும் வாங்குறவரும் கையெழுத்துப் போடும்போது, சாட்சி சொல்ல அதிகாரம் உள்ள ஆள் முன்னாடிதான் போடணும். நில அலுவலக அதிகாரி முன்னாடி போடலாம், வக்கீல் முன்னாடியும் போடலாம். இங்கதான் தம்பி ஒரு நல்ல காரியம் பண்ணாரு. சனிக்கிழமை காலையில திறந்திருக்கிற ஒரு வக்கீல் ஆபீசுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போய் கையெழுத்து வேலையை முடிச்சுட்டாரு. வக்கீலுக்குக் கொஞ்சம் காசு செலவுதான். ஆனா ஒரு அரை நாள் லீவு மிச்சம். இதை ஏன் சொல்றேன்னா, பலர் ஒரு அரை நாள்ல எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சு லீவு கேட்கிறாங்க. கையெழுத்துக்கு ஒரு நாள், முத்திரை வரி முடிஞ்ச பிறகு பதிவுக்கு ஒரு நாள்னு ரெண்டு தடவை போக வேண்டி வரும். முதல்லயே "ரெண்டு அரை நாள் தேவைப்படும்"னு சொன்னா மேனேஜர் கேட்டுக்குவாரு. முதல் தடவை போயிட்டு வந்து "பாஸ், இன்னொரு அரை நாள் வேணும்"னு நின்னா முகம் மாறிடும்.

கையெழுத்துப் போட்ட பாரத்தை 30 நாளுக்குள்ள முத்திரை வரிக்கு அனுப்பணும். பெத்தவங்க பிள்ளைக்குக் கொடுக்கிற வீட்டுக்கு, 2023 ஏப்ரல் 1 முதல், வாங்குற பிள்ளை மலேசியக் குடிமகனா இருந்தா, முதல் 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரைக்கும் முத்திரை வரி முழு விலக்கு. ஆனா வரி இல்லங்கிறதுக்காக முத்திரை வேணாம்னு அர்த்தம் இல்ல. வருமான வரி வாரியம் மதிப்பைப் பார்த்து முத்திரைச் சான்றிதழ் கொடுத்தாதான் நில அலுவலகம் பாரத்தை வாங்கும். அதுக்கு எத்தனை நாள் ஆகும்னு நம்மால சொல்ல முடியாது.

இதுல பலர் மாட்டிக்கிறாங்க. எங்க கம்பெனியில இன்னொரு பிரிவுல ஒருத்தர், சான்றிதழ் வரும்னு நம்பி முன்கூட்டியே நில அலுவலகத்துல நாள் எடுத்துட்டாரு. அந்த நாளும் வந்துச்சு, சான்றிதழ் வரல. அரை நாள் லீவு வெட்டியாச்சு, கவுண்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி லீவு கேட்கும்போது "போன தடவையும் இதே ஸ்லிப்புதானே காட்டினே?"ன்னு மேனேஜர் கேட்டாராம். அதனால முத்திரைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நாள் எடுங்க.

இப்ப ஸ்லிப்புக்கு வருவோம்.

தம்பி சான்றிதழ் வந்த அன்னைக்கே, 3ஆம் தேதி, கைப்பேசியில நாள் எடுத்துட்டாரு. மறுநாள் காலையில எங்கிட்ட வந்து காட்டினாரு. 12ஆம் தேதி, காலை 10.30. நான் பார்த்த உடனே கேட்டேன், "தம்பி, இந்த நேரத்துக்கு நீ எந்த அரை நாளை எடுப்பே?"

எங்க பகல் ஷிப்ட் காலை 7.00க்கு ஆரம்பிச்சு 3.30க்கு முடியும். நடுவுல 11.00லேர்ந்து 11.30 வரைக்கும் சாப்பாட்டு நேரம். காலை அரை நாள் லீவுன்னா 11.30க்குள்ள பஞ்ச் பண்ணணும். மதியம் அரை நாள்னா 11.00க்குத்தான் வெளியே போக முடியும். அம்மா வீட்டுலேர்ந்து நில அலுவலகம் 20 நிமிசம், வீட்டுலேர்ந்து கம்பெனி 25 நிமிசம்.

10.30 அப்பாயின்மெண்ட்டை இதுல வெச்சுப் பாருங்க. மதிய லீவு எடுத்தா 11.00க்குத்தான் கேட்டைத் தாண்டுவாரு, நேரம் போயிடும். காலை லீவு எடுத்தா, 10.30ன்னு போட்டிருந்தாலும் நம்பர் கூப்பிட 10.45, 10.50 ஆகும். வேலை முடிய 11.30. அம்மாவை வீட்டுல விட்டுட்டுக் கம்பெனிக்கு வர 12.15. முக்கால் மணி நேரம் லேட். ஆக 10.30 ரெண்டு பக்கமும் சேராத நேரம். ஸ்லிப்புல இருக்கிறது ஆரம்பிக்கிற நேரம் மட்டும்தான். முடியிற நேரம் அதுல இருக்காது. அதை நாமதான் கணக்குப் போடணும்.

8.30 நேரம் எடுத்தா? 8.15க்கு அங்க இருக்கணும். 10.00 வரைக்கும் இழுத்தாலும், அம்மாவை விட்டுட்டு 10.50க்குக் கம்பெனி வந்திடலாம். அரை மணி நேரத்துக்கு மேல கையில மிச்சம் இருக்கு. இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பேப்பர் குறைஞ்சா, ஒரு ரெசிட் இல்லன்னா, காலை நேரத்துல அங்கேயே கட்டி, காப்பி எடுத்துச் சரி பண்ணலாம். மதியம் 2.30 அப்பாயின்மெண்ட்னா அந்த வசதி இல்ல. வெள்ளிக்கிழமை எடுக்கவே எடுக்காதீங்க. அரசாங்க அலுவலகங்களுக்கு 12.15லேர்ந்து 2.45 வரைக்கும் தொழுகை இடைவேளை. காலையில முடியலன்னா அந்த நாளே போச்சு.

தம்பி அங்கேயே நின்னு பழைய நாளை ரத்து பண்ணிட்டு 8.30 எங்க இருக்குன்னு தேடினாரு. 24ஆம் தேதி ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதை விட்டா அடுத்த மாசம்தான். அடுத்த மாசம்னா அனுமதிக் கடிதம் கெட்டுப்போயிடும். 24ஐ எடுத்துட்டாரு.

ஆனா 24ஆம் தேதி எங்க லைனுக்கு மோசமான நாள். மாசக் கடைசி ஷிப்மெண்ட், கண்டெய்னர் ஏத்துற வாரம். அந்த வாரத்துல மேனேஜர் யாருக்கும் லீவு கொடுக்க மாட்டாரு. அது அவருடைய எழுதாத சட்டம்.

சரி, மேனேஜர் பக்கத்துலேர்ந்து யோசிப்போம். லீவு பாரமும் ஸ்லிப்பும் மேசைக்கு வந்தா அவர் மனசுல மூணு கேள்வி வரும். இது இவனுடைய வேலையா? வேற நாள்ல முடியாதா? இவன் இல்லாத நேரத்துல யார் நிப்பா? ஸ்லிப்பு இந்த மூணுக்கும் பதில் சொல்லாது. நாமதான் சொல்லணும்.

முதல் கேள்வி. தம்பி கொண்டு வந்த ஸ்லிப்புல இருந்தது அம்மா பேர். அம்மாவோட ஐசி நம்பரைப் போட்டு நாள் எடுத்திருந்தாரு. எச்.ஆர்-ல இருக்கிற பொண்ணு பார்த்தா "இது உங்க பேர் இல்லையே"ன்னுதான் கேட்கும். கேட்கிறதும் நியாயம்தான். இதுக்கு போராங் 14ஏ-ல கொடுக்கிறவர் பேர், வாங்குறவர் பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் காப்பி எடுத்து வெச்சா போதும். கொடுக்கிறவர் அம்மா, வாங்குறவர் தம்பி. ஸ்லிப்புல இருக்கிற பேரும் பாரத்துல இருக்கிற பேரும் ஒண்ணு. விசயம் முடிஞ்சது. கவுண்டர்ல முன்னாடியே விசாரிச்சப்போ வக்கீல் இல்லாம தாங்களே கொடுக்கிறதால ரெண்டு பேரும் ஐசியோட வரச் சொல்லியிருந்தாங்க, அதையும் ஒரு வரியில எழுதச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. காப்பி கொடுக்கும்போது ஐசி நம்பர், வீட்டு விலை, கிரான் நம்பர் எல்லாத்தையும் ஒரு துண்டுக் காகிதம் வெச்சு மறைச்சுட்டு காப்பி எடுங்க. கம்பெனிக்குத் தேவை பேர், தேதி, நேரம், இடம், புக்கிங் நம்பர். அவ்வளவுதான். ஸ்லிப்பைப் படம் பிடிச்சு லைன் வாட்ஸ்அப் குரூப்புல போடவே போடாதீங்க. முப்பது பேர் இருக்கிற குரூப்புல உங்க அம்மாவோட ஐசி நம்பர் எதுக்கு? சூப்பர்வைசருக்குத் தனியா அனுப்புங்க, இல்லன்னா தாள்ல கொடுங்க.

ரெண்டாவது கேள்வி, வேற நாள்ல முடியாதா? இதுக்கு ஸ்லிப்பு உதவவே உதவாது. ஏன்னா எந்த ஸ்லிப்பையும் மாத்தலாம்னு மேனேஜருக்கும் தெரியும், அவரும் கார் லைசென்சு, பாஸ்போர்ட்டுன்னு நாள் எடுத்தவர்தானே. இங்க உதவினது அனுமதிக் கடிதம். அதுல கெடு தேதி இருக்கிற பக்கத்தைக் காப்பி எடுத்து, தேதிக்குக் கீழ பேனாவால கோடு போட்டு வெச்சோம். உங்க கேஸ்ல அனுமதிக் கடிதம் இல்லாம இருக்கலாம். அப்ப வேற ஏதாவது கெடு இருக்கான்னு பாருங்க. எந்தக் கெடுவும் இல்லன்னா, ஷிப்மெண்ட் வாரத்தைத் தவிர்த்து நாள் எடுங்க. இல்லாத அவசரத்தை உண்டாக்க வேணாம்.

மூணாவது, யார் நிப்பா? இதைத்தான் யாருமே எழுத மாட்டாங்க. பேக்கிங் லைன்ல ஆறு பேர் நிக்கணும். அஞ்சு பேர் நின்னா ஆறுல ஒரு பங்கு குறையுதுன்னு நினைக்காதீங்க. ஒரு இடத்துல சரக்கு குவிஞ்சா முன்னாடி இருக்கிற மெஷினையே நிறுத்த வேண்டி வரும். அதனால தம்பி மத்த லைன்ல இருக்கிற ஒரு ஆளைப் பிடிச்சாரு. அவருக்கும் இந்த டேப் மெஷின் ஓட்டத் தெரியும். அவருடைய லைன் 24ஆம் தேதி காலையில மாடல் மாத்துறதால நாலு மணி நேரம் சும்மாத்தான் இருக்கும். அதுக்குப் பதிலா அவருடைய சனிக்கிழமை ஓ.டி.யைத் தம்பி பார்க்கிறதா பேச்சு. ரெண்டு சூப்பர்வைசரும் தலையாட்டிட்டோம்.

பிறகுதான் கடிதம். நீங்க மலாய்லயோ ஆங்கிலத்துலயோ எழுதுவீங்க, ஆனா விசயம் இப்படித்தான் இருக்கணும்:

"24ஆம் தேதி காலை அரை நாள், 7.00 முதல் 11.00 வரை, ஆண்டு விடுப்பிலிருந்து எடுக்க அனுமதி கேட்கிறேன். என் தாயார் தம் வீட்டை என் பெயருக்கு மாற்றும் பதிவுக்காக நில அலுவலகத்தில் காலை 8.30க்கு முன்பதிவு உள்ளது. இருவரும் நேரில் வர வேண்டும். முன்பதிவு என் தாயார் பெயரில் உள்ளது. உறவைக் காட்டும் பாரத்தின் நகல் இணைத்துள்ளேன். மாநில அனுமதி 30ஆம் தேதியுடன் முடிவதால் தள்ளிப்போட இயலவில்லை. என் இடத்தில் இன்னொரு ஆப்பரேட்டர் நிற்க இரு சூப்பர்வைசர்களும் சம்மதித்துள்ளனர். 11.30க்குள் வேலைக்குத் திரும்புவேன். பதிவு ரெசிட்டை அன்றே கொடுக்கிறேன்."

இவ்வளவுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, குடும்பக் கஷ்டம், அப்பா இல்ல, இதெல்லாம் எழுத வேணாம்னு தம்பிகிட்ட சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனா அதை எழுதினா மேனேஜர் அனுதாபப்படலாமா வேணாமான்னு யோசிப்பாரு. இதை எழுதினா கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரு.

5ஆம் தேதி பாரம் மேலே போச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. "ஷிப்மெண்ட் வாரம் தெரியுமில்ல?"ன்னாரு. "தெரியும் பாஸ். கெடு தேதியைப் பாருங்க, ஆளும் இருக்கு"ன்னேன். கடிதத்தை ரெண்டு தடவை படிச்சாரு. "11.30க்கு வரலன்னா?"ன்னு கேட்டாரு. "வரலன்னா அன்னைக்கு முழு நாளா வெட்டிக்கோங்கன்னு சொல்லியிருக்காரு"ன்னேன். கையெழுத்துப் போட்டுட்டாரு.

இங்க ஒரு விசயத்தைக் கவனிக்கணும். ஸ்லிப்புல அப்பாயின்மெண்ட் தேதி மட்டும் இல்ல, என்னைக்கு புக்கிங் போட்டோம்ங்கிற தேதியும் இருக்கும். 3ஆம் தேதி எடுத்துட்டு 23ஆம் தேதி மாலையில கொண்டு வந்து கொடுத்தா, "இருபது நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"ன்னு ஸ்லிப்பே நம்மைக் காட்டிக் கொடுத்திடும். இதே காரணத்தாலதான் எமர்ஜென்சி லீவுன்னு போடவும் முடியாது. முன்கூட்டியே நாள் எடுத்த வேலை எப்படி எமர்ஜென்சி ஆகும்?

24ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். தம்பி முந்தின நாள் ராத்திரியே கிரான் அசல், முத்திரை போட்ட பாரம், சான்றிதழ், அனுமதிக் கடிதம், ரெண்டு ஐசி, அந்த வருசத்து சுக்காய் தானா ரெசிட், சுக்காய் பிந்து ரெசிட் எல்லாம் ஒரு பையில போட்டு வெச்சுட்டாரு. 8.10க்கே போயிட்டாங்க. 8.40க்கு நம்பர் வந்துச்சு. கவுண்டர்ல ஒரு இடத்துல நின்னுச்சு. கிரான்ல அம்மா பேர் ஒரு எழுத்து வித்தியாசம், ஐசியில இன்னொரு எழுத்து. நம்ம ஆளுங்க பேர்ல இது சகஜம், அந்தக் காலத்துல யார் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதிட்டாங்க. நல்ல வேளையா இதை அனுமதிக்கு மனு போடும்போதே கண்டுபிடிச்சு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியப் பிரமாணம் எடுத்து வெச்சிருந்தாங்க. அதைக் காட்டினதும் அதிகாரி வாங்கிக்கிட்டாரு. நீங்களும் கிரானையும் ஐசியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு எழுத்தா பாருங்க. பழைய ஐசி நம்பர் மட்டும் இருக்கிற கிரானும் உண்டு. வித்தியாசம் இருந்தா என்ன பத்திரம் வேணும்னு அந்தக் கவுண்டர்லயே முன்கூட்டிக் கேளுங்க. அப்பாயின்மெண்ட் அன்னைக்குக் கண்டுபிடிச்சா அரை நாளும் போச்சு, கெடுவும் போச்சு.

கட்டணம் கட்டி ரெசிட் வாங்கும்போது 9.50. பதிவு எண்ணும், கொடுத்த தேதியும் நேரமும் அதுல இருந்துச்சு. தம்பி எனக்கு ஒரு வரி அனுப்பினாரு, "முடிஞ்சது அண்ணே, அம்மாவை விட்டுட்டு வரேன்." 10.55க்கு கேட்டுல பஞ்ச் பண்ணிட்டாரு.

வந்ததும் அந்த ரெசிட் காப்பியை லீவு பாரத்தோட சேர்த்து எச்.ஆர்-கிட்ட கொடுத்துட்டோம். இது பலர் விடுற விசயம். புக்கிங் ஸ்லிப்பு, போகப் போறோம்ங்கிறதுக்கு அத்தாட்சி. போனோம்ங்கிறதுக்கு ரெசிட்தான் அத்தாட்சி. ரெண்டும் ஃபைல்ல இருந்தா அடுத்த தடவை உங்க ஸ்லிப்பை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அன்னைக்கு வேலை முடியாம திருப்பி அனுப்பினாலும், வெறுங்கையோட வராதீங்க. என்ன குறையுதுன்னு கவுண்டர்ல எழுதிக் கொடுத்த தாளோ, நம்பர் சீட்டோ எடுத்துட்டு வாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சிலர் கேட்கிறாங்க. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டு விடுப்பு, ரெண்டு வருசத்துக்குக் கீழ இருந்தா 8 நாள், ரெண்டுலேர்ந்து அஞ்சு வருசத்துக்குள்ள 12 நாள், அஞ்சு வருசமும் அதுக்கு மேலயும்னா 16 நாள். இது குறைஞ்ச அளவு, உங்க கம்பெனி கூடவும் கொடுக்கலாம். ஆனா சட்டம் நாள் கணக்குலதான் பேசுது. அரை நாளா பிரிச்சு எடுக்கிறது கம்பெனி விதி. கம்பெனிப் புத்தகத்துலயோ யூனியன் ஒப்பந்தத்துலயோ பாருங்க. அதுபோல நில அலுவலகத்துக்குன்னு தனி லீவு சட்டத்துல இல்ல. அதனால ஸ்லிப்பை நீட்டி "கொடுத்தே ஆகணும்"னு பேச முடியாது. உங்க சொந்த லீவுலேர்ந்து, அவங்க சம்மதத்தோட எடுக்கிறோம். லீவு தீர்ந்துபோச்சுன்னா சம்பளமில்லா அரை நாள் கேட்கலாம், இல்லன்னா ஷிப்ட் மாத்திக் கேட்கலாம்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. லீவு கிடைக்கலன்னு கிளினிக்குல எம்.சி. எடுத்துட்டு நில அலுவலகத்துக்குப் போறது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் போனாரு. பதிவு ரெசிட்ல தேதியும் நேரமும் அச்சாகுதுன்னு சொன்னேன் இல்லையா? பிறகு வீட்டுக் கடன் விசயமா அந்த ரெசிட்டையே எச்.ஆர்-கிட்ட காட்ட வேண்டி வந்துச்சு. எம்.சி. அன்னைக்குக் காலையில கவுண்டர்ல நின்ன அத்தாட்சி அவர் கையாலயே வந்துடுச்சு. உள்விசாரணை வரைக்கும் போச்சு. வீடு பேர் மாறிடுச்சு, வேலை ஆட்டம் கண்டுடுச்சு.

இதே விசயத்துல சூப்பர்வைசரா இருக்கிற உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருத்தர் ஸ்லிப்போட வந்தா "முடியாது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எந்த நேரம், எந்த அரை நாள்னு கேளுங்க. அந்தத் தம்பி 10.30 ஸ்லிப்பையே மேலே கொண்டு போயிருந்தா ஒண்ணு லீவு கிடைச்சிருக்காது, இல்லன்னா லேட்டாகி எழுத்து மூலமா எச்சரிக்கை வாங்கியிருப்பாரு. ரெண்டு நிமிசம் ஸ்லிப்பைப் பார்த்துப் பேசினதுல சரியாச்சு.

புது கிரான் கொஞ்ச நாள் கழிச்சு வந்துச்சு. தம்பி பேர் போட்டு. வீட்டுல யாரும் மாறல, அம்மா அதே முன்வாசல்லதான் உட்கார்ந்திருக்காங்க.

உங்க வீட்டுல யாராவது நில அலுவலகத்துல நாள் எடுத்து வெச்சிருந்தா, இப்பவே அந்த ஸ்லிப்பை எடுத்து நேரத்தைப் பாருங்க. ஷிப்டோட சேர்த்துக் கணக்குப் போடுங்க. சேரலன்னா இன்னைக்கே மாத்துங்க. மாநிலத்துக்கு மாநிலம் கவுண்டர் நடைமுறை கொஞ்சம் வேறுபடும், அதனால போறதுக்கு முன்னாடி அந்த அலுவலகத்துக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஷிப்ட் முடிஞ்சு வந்து பதில் போடுறேன்.